ஏழு சொல்லும் ஒரு தாயக்கட்டையும்

சேலத்தில் சின்னக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணினி வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. செவ்வாய்பேட்டை வெள்ளிக் கடை, லீ பஜார் மண்டி என்று எங்கே போனாலும் உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தின் பாஸ்வேர்ட் என் காதில் விழுந்துவிடும். கேட்காமலே சொல்லிவிடுவார்கள். கடைப் பெயர், ஒரு @, பின்னால் 123 அல்லது கடை தொடங்கிய ஆண்டு. முதல் எழுத்து பெரியதாக இருக்கும். இவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று கட்டாயம் என்று பாஸ்வேர்ட் அடிக்கும் பெட்டி கேட்கிறது. அவசரத்தில் இருக்கும் மனிதன் அந்த மூன்றையும் எவ்வளவு சுலபமாகத் தர முடியுமோ அப்படித் தருகிறான்.

என்னை அரித்துக்கொண்டிருப்பது வேறொன்று. ஓர் இணையச் சேவையில் கணக்குத் தொடங்கும்போது `Yercaud@123` என்று அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குக் கீழே பச்சைக் கோடு முழுதாக நீண்டு ‘மிக வலுவானது’ என்றது. அதை அழித்துவிட்டு, தொடர்பில்லாத ஏழு சொற்களைச் சிறிய எழுத்தில் இடைவெளி விட்டு அடித்தேன். கோடு சிவப்பானது. எண் இல்லையாம், பெரிய எழுத்து இல்லையாம். முதலாவது பத்து நொடி தாங்காது. இரண்டாவதை உடைக்க நூறாண்டுகள் போதாது. பெட்டி அதைத் தலைகீழாகச் சொல்கிறது, அதை நம்பித்தான் ஊரே பாஸ்வேர்ட் வைக்கிறது.

இந்த விதிகளுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்துக்காக 2003-ல் பில் பர் என்பவர் எழுதிக் கொடுத்த வழிகாட்டியிலிருந்துதான் இந்தக் கலவை விதிகள் உலகெங்கும் பரவின. 2017-ல் அவரே அதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். அதே ஆண்டு அந்த நிறுவனம் விதிகளைத் திருத்தியது: கலவையைக் கட்டாயப்படுத்தாதே, 64 எழுத்து வரையாவது அனுமதி, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி நச்சரிக்காதே. விதி போன பிறகும் பெட்டிகள் மாறவில்லை.

பத்து நொடிக் கணக்கு

பாஸ்வேர்டை உடைப்பது என்றால், யாரோ ஒருவர் உள்நுழையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். மூன்று முறை தவறினால் பூட்டிவிடுமே என்பார்கள். உண்மையில் நாம் இங்கே கணக்குப் போடும் ஆபத்து அந்தப் பக்கத்தில் இல்லை. எங்கோ ஒரு நிறுவனத்தின் பயனர் பட்டியல் மொத்தமாகத் திருடுபோகிறது. ஒழுங்கான நிறுவனம் என்றால் அதில் பாஸ்வேர்ட் அப்படியே இருக்காது, அதை ஒரு கணக்கில் போட்டு அரைத்து வந்த ஹாஷ் மட்டும் இருக்கும். திருடியவர் தன் வீட்டில் உட்கார்ந்து, ஒரு சொல்லை யூகித்து, அதே கணக்கில் அரைத்து, வந்த விடை பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறார். அங்கே பூட்டுவதற்கு யாரும் இல்லை. எம்டி5 போன்ற பழைய, வேகமான ஹாஷ் என்றால், விளையாட்டுக்காகக் கடையில் வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே ஒரு நொடிக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல் யூகிக்கும்.

அவர் aaaa, aaab என்று தொடங்குவதும் இல்லை. மனிதர்களின் பழக்கத்திலிருந்து தொடங்குகிறார். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் அரைக்கப்படாமலே வெளியே வந்தன. மக்கள் எப்படியெல்லாம் பாஸ்வேர்ட் வைக்கிறார்கள் என்பதற்கு அதுவே பாடநூலாகிவிட்டது. பெயர்களும் ஊர்களும் சேர்த்துப் பத்து லட்சம் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலெழுத்தைப் பெரிதாக்குவது, a-வை @ ஆக்குவது, o-வைச் சுழியம் ஆக்குவது போன்ற சேட்டைகளுக்கு நூறு விதம் கொடுப்போம். 123, @123, @2019, ஆச்சரியக்குறி போன்ற வால்களுக்குப் பத்தாயிரம். மூன்றையும் பெருக்கினால் ஒரு லட்சம் கோடி. அந்த கார்டுக்கு அது பத்து நொடி வேலை. `Yercaud@123` அந்தப் பத்து நொடிக்குள் எங்கோ விழுந்துவிடும். @ போட்டது நமக்குத்தான் சாமர்த்தியம், அவருக்கு அது பட்டியலில் இன்னொரு வரி.

சரி, பழக்கமே இல்லாமல், குலுக்கிப் போட்ட எட்டு எழுத்து என்றால்? அப்போது குறியீடுகளுக்கு மதிப்பு உண்டு, ஆனால் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் சேர்த்து 62. குறியீடுகளையும் சேர்த்தால் 95. எட்டு இடத்திலும் 62-க்குப் பதில் 95 என்று வைத்தால் சாத்தியங்கள் ஏறத்தாழ 30 மடங்காகின்றன. குறியீடே வேண்டாம், 62-லிருந்தே ஒன்பதாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்தால் 62 மடங்கு. விசைப்பலகையில் உள்ள அத்தனை குறியீடுகளும் சேர்ந்து செய்யும் வேலையைவிட, வாலில் சேரும் ஒற்றை எழுத்து இரண்டு மடங்கு செய்கிறது. குறியீடு சேர்ந்தால் பெருக்கப்படும் எண் கொஞ்சம் பெரிதாகும். நீளம் கூடினால் பெருக்கலே இன்னொரு முறை நடக்கும். குறியீடு எல்லாம் போட்ட அந்த எட்டெழுத்தை முழுசாகத் தேடித் தீர்க்க நம் கார்டுக்குச் சுமார் 18 மணி நேரம். அதையும் நாம் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

அத்தையின் ஏழு சொற்கள்

ஏற்காட்டில் அத்தைக்குச் சிறிய காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். கூலிக் கணக்கு, எஸ்டேட் பத்திரங்களின் நகல், வங்கி விவரம் எல்லாம் ஒரு மடிக்கணினியில் இருக்கின்றன. அது சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாகப் பேருந்தில் போய் வருகிறது. அதன் வட்டை முழுதாகப் பூட்டிவிட்டு, மற்ற பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு பாஸ்வேர்ட் மேனேஜரில் போட்டுக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அப்படிச் செய்தால் மனதில் வைத்திருக்க வேண்டியது ஓரிரு சொற்றொடர்கள் மட்டும்தான். அவை மட்டும் அசையாமல் நிற்க வேண்டும்.

சீரற்ற சொற்களால் தொடர் கட்டும் முறைக்கு 1995-ல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் டைஸ்வேர் என்று பெயர் வைத்தார். ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் 7776 சாத்தியங்கள். அத்தனை சொற்கள் கொண்ட பட்டியலில், விழுந்த ஐந்து எண்களுக்கு நேராக உள்ள சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அத்தைக்கு அது ஒத்துவராது. பகடையும் வீட்டில் இல்லை. தாயக்கட்டை இருந்தது.

தாயக்கட்டைக்கு நான்கு நீளப் பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு வெறும் பக்கம். ஒரு கட்டையை ஐந்து முறை உருட்டினால் நான்கின் ஐந்தாம் அடுக்கு, அதாவது 1024 சாத்தியங்கள். ஆகவே 1024 தமிழ்ச் சொற்கள் போதும். 00000-இல் தொடங்கி 33333 வரை வரிசையாக எண் போட்டுப் பட்டியல் தயாரித்தேன். இரண்டு கட்டையையும் சேர்த்து உருட்டி, ஆட்டத்தில் செய்வதுபோல் கூட்டி எடுக்கக் கூடாது. தாயம் ஆடிய எவருக்கும் காரணம் தெரியும். பதினாறு விழுதல்களில் மூன்று என்ற எண் நான்கு விதமாக வரும், ஆறும் பன்னிரண்டும் ஒரே ஒரு விதமாகத்தான் வரும். அடிக்கடி விழும் எண்ணுக்கு நேரான சொல்லை யூகிப்பவர் முதலில் முயல்வார். ஒற்றைக் கட்டை என்றால் நான்கு பக்கத்துக்கும் ஒரே வாய்ப்பு.

பித்தளைக் கட்டை என்பதால் ஒரு பக்கம் கனத்திருக்கலாம். முதலில் நூறு முறை உருட்டி எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் 25-ஐ ஒட்டி வர வேண்டும், ஏதாவது ஒன்று 40-ஐ எட்டினால் அந்தக் கட்டை வேண்டாம். கொஞ்சம் சாய்வு இருந்தால் பெரிதாகக் குடிமுழுகாது. ஒரு பக்கம் நூற்றுக்கு முப்பது முறை விழுகிற கட்டையில், மிக மோசமான நிலையில்கூட ஏழு சொல் ஆறு சொல்லின் பலத்துக்கு இறங்கும், அவ்வளவுதான்.

சிவப்புச் சிமெண்ட் தரையில் கட்டையை வைத்ததும் அத்தை கேட்டார்: “ஏன் கண்ணு, ஏழு சொல்லு நானே நெனச்சுச் சொல்ல மாட்டனா? இதுக்கு எதுக்குத் தாயக்கட்டைய உருட்டிக்கிட்டு?”

“சரி, நீங்களே சொல்லுங்க அத்தை” என்றேன்.

யோசித்து யோசித்து, தொடர்பே இல்லாமல் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார். காபி, கரடி, ஏரி, மிளகு, பனி, பலா, ஆரஞ்சு. எழுதி முடித்ததும் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினேன். ஏழில் ஒன்றுகூட அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டவில்லை. அவரே சிரித்துவிட்டார்.

எனக்கு இந்த விஷயம் முழுதாகப் புலப்பட்டது அந்தக் காகிதத்தில்தான். ஏழு சொல் என்பது நீளம்தான். ஆங்கில எழுத்தில் அடித்து எண்ணினால் முப்பதைத் தாண்டும். ஆனால் ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் மனதிலிருந்து எடுக்கும் சொல் எத்தனை இருக்கும்? தாராளமாக நூறு என்று வைப்போம். நூறை ஏழு முறை பெருக்கினால் பத்துக் கோடிக் கோடிகூட வராது, ஒரு கோடிக் கோடிதான். நம் கார்டுக்கு அது பதினேழு நிமிடம். அதே ஏழு சொல்லை 1024-லிருந்து கட்டை எடுத்தால், ஒவ்வொரு சொல்லும் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. முழுத் தேடலுக்குச் சுமார் 374 ஆண்டு, சராசரியாக அதில் பாதி. இரண்டும் ஒரே நீளம், இரண்டும் சிறிய எழுத்து. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பழமொழி, பாட்டு வரி, குறள் என்று வைப்பவர்களுக்கும் இதே கதிதான். நீளமாகத்தான் இருக்கும், ஆனால் அது முழுசாக ஒரே தேர்வு. நீளம் முக்கியம் என்று சொல்லும்போது அந்த நீளத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பட்டியல் திருடனுக்குத் தெரிந்துவிட்டால்? தெரியட்டும். மேலே போட்ட கணக்கே பட்டியல் அவர் கையில் இருக்கிறது என்று வைத்துப் போட்டதுதான். எந்தச் சொற்கள் இருக்கின்றன என்பது ரகசியம் அல்ல, கட்டை எப்படி விழுந்தது என்பதுதான் ரகசியம்.

பிறகு அத்தை உருட்டினார், நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னேன். ஏழு சொல்லுக்கு முப்பத்தைந்து உருட்டல். நடுவில் ஒரு சொல் பிடிக்கவில்லை, மாற்றலாமா என்றார். கூடாது. பிடித்த சொல்லாகப் பொறுக்க ஆரம்பித்தால் மறுபடி திண்ணைக்கே வந்துவிடுவோம். மொத்தத் தொடரும் பிடிக்கவில்லை என்றால் முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து உருட்டலாம். அப்படி ஓரிரு முறை செய்வதில் நட்டம் மிகக் குறைவு.

அத்தையின் தொடரை இங்கே எழுத முடியாது. இந்தக் கட்டுரைக்காகவே அதே கட்டையில் உருட்டிய வேறொன்று இது. வெளியே வந்துவிட்டதால் இனி யாருக்கும் உதவாது:

```
minnal sombu nandu uppu vandi murukku sangu
```

மின்னல் சொம்பில் இறங்க, உள்ளே இருந்த நண்டு பயந்துபோய் உப்பு வண்டியில் தாவி ஏறி, முறுக்குத் தின்றுகொண்டே சங்கு ஊதுகிறது. இப்படி ஒரு அபத்தக் கதையை வரிசை மாறாமல் கட்டிக்கொண்டால் மறப்பது கஷ்டம். கதை எவ்வளவு கோமாளித்தனமோ அவ்வளவு நல்லது. கதை நினைவுக்குத்தான், பலம் ஏற்கெனவே கட்டையில் வந்துவிட்டது.

தமிழ் எழுத்தில் ஏன் வைக்கவில்லை

தமிழிலேயே அடிக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். மூன்று தடைகள். கணினி எழும்போது வட்டைத் திறக்கக் கேட்கும் இடத்தில் தமிழ் விசைப்பலகை பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, சொம்பு என்பதில் வரும் ‘சொ’. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், ஹாஷுக்கு இரண்டும் வேறு வேறு. கைப்பேசியில் திறப்பது மடிக்கணினியில் திறக்காமல் போகும், ஏன் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மூன்றாவதுதான் ஆபத்தானது. பரவலாகப் புழங்கும் பிகிரிப்ட் என்ற ஹாஷ் முதல் 72 பைட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பல இடங்களில் மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், ஆகவே மேலே உள்ள தொடர் இடைவெளியோடு சேர்த்து 43 பைட்டில் அடங்கிவிடுகிறது. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘மின்னல் சொம்பு நண்டு உப்பு’ என்பதற்கே 72 முடிந்துவிடும். வண்டியும் முறுக்கும் சங்கும் கணக்கிலேயே வராது. ஏழு சொல் வைத்ததாக நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே இருப்பது நான்கு.

அதனால் தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்து. பட்டியல் போடும்போது அதிலும் ஒரு சிக்கல் வந்தது. வாழை என்பதை zh போட்டு எழுதுபவரும் உண்டு, l போடுபவரும் உண்டு. கல், கால் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுபவர்களும் உண்டு. அப்படிச் சந்தேகம் வரும் சொற்களை எல்லாம் தூக்கினேன். வீட்டு வாட்ஸ்அப்பில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் சொற்கள் மட்டும் மிஞ்சின. சொற்களுக்கு நடுவே இடைவெளி கட்டாயம். ஒட்டி எழுதினால் இரண்டு சொல் சேர்ந்து மூன்றாவது ஒரு சொல்லாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் ஏழு சொல் வேண்டுமா என்றால், வேண்டாம். பாஸ்வேர்ட் மேனேஜரும் வட்டுப் பூட்டும் வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் ஹாஷைப் பயன்படுத்துகின்றன. அங்கே நம் கார்டு நொடிக்குப் பத்தாயிரம் யூகம்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து சொல்லே மூவாயிரம் ஆண்டைத் தாண்டும். அதே ஐந்து சொல் வேகமான ஹாஷில் மூன்று மணி நேரத்தில் விழும். எந்த இடத்தில் எதை வைத்திருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் மின்னஞ்சல் போன்ற முக்கியக் கணக்குக்கு ஏழு வைக்கச் சொல்கிறேன். பெரிய எழுத்தும் எண்ணும் குறியீடும் இல்லாமல் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெட்டிக்கு, தொடரின் வாலில் `A1@` என்று எப்போதும் ஒரே மாதிரி சேர்த்துவிட்டால் போதும். அதைப் பலத்தில் சேர்க்க வேண்டாம், அது வாசலில் கொடுக்கும் டிக்கெட். பதினாறு எழுத்துக்கு மேல் ஏற்காத இடங்களுக்கு மேனேஜரே குலுக்கித் தரும் பதினாறு எழுத்து. அதில் குறியீடு எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை, யாரும் மனப்பாடம் செய்யப் போவதில்லையே.

போனில் யாரோ கேட்டு அத்தை சொல்லிவிட்டால் ஏழும் ஒன்றுதான், எழுபதும் ஒன்றுதான். ஒரே தொடரை நான்கு இடத்தில் வைத்தாலும் அப்படியே, அரைக்காமல் சேமிக்கும் ஏதோ ஓரிடத்திலிருந்து முழுசாக வெளியே போய்விடும். தாளில் எழுதி வைப்பதைப் பற்றி மட்டும் எனக்கு ஊராரைப் போல் பயம் இல்லை. தொடர் மனதில் படியும்வரை அத்தையின் தாள் பீரோவில் பத்திரங்களோடு இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் யாரும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தப் பீரோவுக்கு வரப்போவதில்லை.

புதுத் தொடர் வைத்ததும் ஒரு சோதனை செய்கிறேன், இப்போது வாடிக்கையாளர் இடங்களிலும் செய்கிறேன். வெளியேறிவிட்டு, கடைசிச் சொல்லை வேண்டுமென்றே தவறாக அடித்துப் பார்ப்பது. சங்குக்குப் பதில் வேறு ஏதாவது. திறக்க மறுத்தால் சரி. திறந்துவிட்டால் வாலை வெட்டும் இடம் அது, எவ்வளவு வெட்டுகிறது என்று பின்னாலிருந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அத்தையின் மடிக்கணினி மறுத்தது. லீ பஜாரில் ஒரு மண்டியின் பில்லிங் மென்பொருள் திறந்துவிட்டது. அதன் பாஸ்வேர்ட் பெட்டி எவ்வளவு நீளமாக அடித்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, முதல் பன்னிரண்டு எழுத்தை மட்டும் பார்க்கிறது. அங்கே மேனேஜரிலிருந்து குலுக்கிய பன்னிரண்டை வைத்துவிட்டு, அதை எழுதிய தாளை முதலாளியின் கல்லாப்பெட்டியில் போட்டுப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.